காமா நிறமாலை எடுக்கும் முன்: எம்.சி.ஏ.வுக்கு ஆற்றல் அளவுத்திருத்தமும் டிடெக்டரின் திறன் வளைவும்

எம்.எஸ்சி. ஆய்வகத்தில் முதன்முறை எம்.சி.ஏ. என்ற பல சேனல் பகுப்பாய்வியின் முன் உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2 அங்குல விட்டமும் 2 அங்குல நீளமும் கொண்ட சோடியம் அயோடைடு டிடெக்டர், 1024 சேனல் எம்.சி.ஏ., ஒரு பெட்டியில் சில வட்டு மூலங்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் கோட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த முகடு எந்த ஆற்றலில் இருக்கிறது? இதற்குக் காரணமான காமாக்கள் மூலத்திலிருந்து எத்தனை கிளம்பின? முதல் கேள்விக்கு ஆற்றல் அளவுத்திருத்தம் பதில் தருகிறது, இரண்டாவதற்குத் திறன் வளைவு. இந்த வரிசையை மாற்ற முடியாது. முகடு எதுவென்று தெரியாமல் அதன் பரப்பைக் கணக்கிட்டுப் பயனில்லை.

ஆற்றல் எல்லாவற்றையும் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தருகிறேன். சுருக்கமாகக் 'கெவி' என்று எழுதுகிறேன்.

கருவி நிலைக்கு வரட்டும்

உயர் மின்னழுத்தத்தை டிடெக்டரின் தாளில் சொன்ன அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது காத்திருங்கள். ஒளிபெருக்கிக் குழாயின் பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏழாவது அடுக்கையொட்டி மாறக்கூடியது. மின்னழுத்தம் 1 சதவீதம் நகர்ந்தால் முகடு சுமார் 7 சதவீதம் நகர்ந்துவிடும். வெப்பநிலையும் சும்மா விடாது. அறை வெப்பநிலையையொட்டி சோடியம் அயோடைடின் ஒளி ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் குறைகிறது. காலையில் குளிர்ந்த அறையில் செய்த அளவுத்திருத்தம், ஏசி நின்றுபோன மதியத்தில் நான்கைந்து சேனல் தள்ளி நிற்பதற்கு இதுதான் காரணம்.

சீசியம்-137 மூலத்தை வைத்து, அதன் 661.7 கெவி முகடு 330-ஆவது சேனலை ஒட்டி வரும்படி பெருக்கியின் 'கெயினை'ச் சரிசெய்யுங்கள். ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 2 கெவி கிடைக்கும், 1024 சேனலில் 2000 கெவிக்குச் சற்று மேல் வரை பார்க்கலாம். கோபால்ட்டின் இரண்டு முகடுகளும், சுவரிலிருந்து வரும் பொட்டாசியம்-40-இன் 1460.8 கெவியும் அதற்குள் அடங்கிவிடும். இதன் பிறகு மின்னழுத்தத்தையோ கெயினையோ தொடக்கூடாது. தொட்டுவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மூலங்களை இடுக்கியால் எடுங்கள். பயன்படுத்தாதவை ஈயப் பெட்டிக்குள் இருக்கட்டும். இது பாதுகாப்புக்கு மட்டும் இல்லை. மேசை ஓரத்தில் மறந்து வைத்த கோபால்ட் உங்கள் சீசியம் நிறமாலைக்குள்ளும் வந்து நிற்கும்.

எது முகடு, எது முகடு இல்லை

சீசியம் நிறமாலையில் மேடுபோல் தெரிவதெல்லாம் காமா ஆற்றல் இல்லை. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 661.7 கெவியில் இருப்பது முழு ஆற்றல் முகடு, அதாவது காமா தன் ஆற்றல் முழுவதையும் படிகத்தில் விட்டுவிட்ட நிகழ்வுகள். அதற்கு இடப்பக்கம் 477 கெவி அருகே சரிவாக விழுவது காம்ப்டன் விளிம்பு. 184 கெவியை ஒட்டி இருக்கும் அகலமான மேடு பின்சிதறல். காமா சுவரிலோ ஈயத்திலோ மேசையிலோ மோதித் திரும்பி வந்து படிகத்தில் விழுவதால் அது உண்டாகிறது. 477-ஐயும் 184-ஐயும் கூட்டினால் 661 வருவது தற்செயல் இல்லை, 180 டிகிரி சிதறலில் ஆற்றல் அப்படித்தான் பிரிகிறது. இந்த இரண்டையும் அளவுத்திருத்தத்தில் சேர்க்காதீர்கள். இன்னும் இடப்பக்கம் 32 கெவியில் ஒரு சிறிய, கூர்மையான முகடு தெரியும். சீசியம் சிதைந்து உண்டாகும் பேரியத்தின் எக்ஸ் கதிர் அது. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

முகட்டின் நடுவைக் கண்ணால் குறிக்க வேண்டாம். முகடு அடங்கும் சேனல் பகுதியை ROI என்று குறித்து, மென்பொருள் தரும் மையத்தை எடுங்கள். 661.7-இல் இந்த டிடெக்டரின் அரை உயர அகலம் ஏறக்குறைய 7 சதவீதம், அதாவது 46 கெவி. இவ்வளவு அகலமான முகட்டின் மையத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தோன்றும். முடியும். அகலத்தை 2.35-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் சுமார் 20 கெவி. நிகர எண்ணிக்கை 10,000 இருந்தால் மையத்தின் நிச்சயமின்மை அதில் நூறில் ஒரு பங்கு, 0.2 கெவிதான். எனவே ஒவ்வொரு முகட்டுக்கும் 10,000 எண்ணிக்கை சேரும்வரை பொறுத்திருங்கள்.

நேர்கோடு போடுவது, அதைச் சோதிப்பது

ஓர் எடுத்துக்காட்டு. சீசியத்தின் 661.7 கெவி 329.6-ஆவது சேனலிலும், கோபால்ட்-60-இன் 1332.5 கெவி 659.8-ஆவது சேனலிலும் விழுந்தன என்று கொள்வோம்.

```
E = a + b*C
b = (1332.5 - 661.7) / (659.8 - 329.6) = 2.0315
a = 661.7 - 2.0315*329.6 = -7.9
```

இரண்டு புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு நேர்கோடு போகும். அதனால் இந்தக் கோடு சரியென்று இன்னும் எதுவும் சொல்லிவிடவில்லை. கோடு போடப் பயன்படுத்தாத முகடுகளை வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும். கோபால்ட்டின் மற்ற முகடு 581.6-இல் வந்தால் சமன்பாடு 1173.6 கெவி தருகிறது. உண்மை மதிப்பு 1173.2. நல்லது. சோடியம்-22-இன் 511 கெவி முகடு 255.9-இல் வந்தால் 512.0 கிடைக்கும், 1 கெவி கூடுதல். மூலத்தை எடுத்துவிட்டுப் பின்னணியை நீண்ட நேரம் எண்ணினால் பொட்டாசியம்-40 எட்டிப்பார்க்கும். அது 722.5-இல் இருந்தால் 1459.9 கெவி, 1 கெவி குறைவு. அரை உயர அகலம் 46 கெவி இருக்கும் கருவிக்கு இவை போதுமானவை.

இப்போது அமெரிசியம்-241-ஐ வையுங்கள். அதன் காமா 59.5 கெவி. அது 35.8-ஆவது சேனலில் வந்ததென்றால் நம் சமன்பாடு 64.8 கெவி என்கிறது. 5 கெவி தவறு! கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறைந்த ஆற்றலில் சோடியம் அயோடைடு ஒரு கெவிக்குத் தரும் ஒளி, உயர் ஆற்றலில் தருவதைவிடச் சில சதவீதம் அதிகம். ஆகவே ஒளிக்கும் ஆற்றலுக்குமான உறவு முழுக்க நேர்கோடு இல்லை. மேல்பகுதியில் போட்ட கோடு எதிர்மறை வெட்டுத்துண்டோடு (-7.9) வந்ததே, அதிலும் இந்த வளைவின் சாயல் இருக்கிறது.

இதற்காகப் பலர் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து இருபடிக் கோவை ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீழ்ப்பகுதியின் வளைவைச் சரிசெய்யப் போய் மேற்பகுதியையும் அது இழுத்துவிடும். வேலை 300 கெவிக்கு மேல் என்றால் நேர்கோடு போதும். 120 கெவிக்குக் கீழே வேலை இருந்தால் பேரியம் எக்ஸ் கதிரின் 32, அமெரிசியத்தின் 59.5, பேரியம்-133-இன் 81 ஆகியவற்றைக் கொண்டு அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு கோடு போடுங்கள்.

பேரியம்-133-இல் ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையில் அதன் வலுவான காமா 356.0 கெவி என்று இருக்கும். ஆனால் 383.8 கெவியில் இன்னொன்றும் உண்டு. சோடியம் அயோடைடால் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது, இரண்டும் ஒரே மேடாகச் சேர்ந்துவிடும். நூறு சிதைவுக்கு முதலாவது 62.05, இரண்டாவது 8.94 வருவதால் எடையிட்ட சராசரி 359.5 கெவி ஆகிறது. அந்த மேட்டுக்கு 356 என்று கொடுத்தால் உங்கள் கோடு அந்த இடத்தில் காரணமில்லாமல் 3.5 கெவி விலகித் தெரியும். யூரோப்பியம்-152-ஐ நான் இங்கே பரிந்துரைக்காததும் இதனால்தான். ஜெர்மானியம் டிடெக்டருக்கு அது அருமையான மூலம், ஒரே வட்டில் 121.8 முதல் 1408 கெவி வரை புள்ளிகள் கிடைக்கும். சோடியம் அயோடைடில் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

திறன்: ஒரு புள்ளியை முழுதாகக் கணக்கிடுவோம்

மூலத்திலிருந்து கிளம்பிய ஓர் ஆற்றல் காமாக்களில் எத்தனை பங்கு முழு ஆற்றல் முகட்டில் வந்து சேர்ந்தது என்பதுதான் முகட்டுத் திறன்.

```
eff = N / (A * P * t)
A   = A0 * exp(-0.6931 * d / T)
```

இதில் `N` என்பது முகட்டின் நிகர எண்ணிக்கை, `P` ஒரு சிதைவுக்கு அந்தக் காமா வெளிவரும் நிகழ்தகவு, `t` எண்ணிய நேரம். `A0` என்பது சான்றிதழில் உள்ள செயல்பாடு, `d` சான்றிதழ் தேதியிலிருந்து கடந்த காலம், `T` அரை ஆயுள். நேரத்துக்கு எம்.சி.ஏ. காட்டும் லைவ் டைமையே எடுங்கள், கடிகார நேரத்தை இல்லை. ஒரு துடிப்பைக் கையாளும் நொடித்துளியில் கருவி அடுத்ததைப் பார்ப்பதில்லை. அந்த டெட் டைம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மூலத்தைத் தள்ளி வையுங்கள்.

மூலத்தைப் படிகத்தின் முகப்பிலிருந்து 10 செ.மீ. தொலைவில், நடு அச்சில் வைக்கிறோம். இந்தத் தொலைவை அட்டைத் துண்டு வைத்து உத்தேசமாகச் செய்யாமல், பள்ளம் வெட்டிய தாங்கி ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. 10 செ.மீ.யில் 1 மி.மீ. பிசகு திறனில் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகு.

சான்றிதழ் இப்படிச் சொல்கிறது என்று கொள்வோம்: சீசியம்-137, 37.0 கிலோபெக்கரல் (அதாவது 1 மைக்ரோகியூரி), 2018 மார்ச் 1, நிச்சயமின்மை 3 சதவீதம். நாம் அளக்கும் நாள் 2024 மார்ச் 1. ஆறு ஆண்டு, அரை ஆயுள் 30.08 ஆண்டு. மிச்சம் 0.871 பங்கு, 32.22 கிலோபெக்கரல். அதே தேதியிட்ட, அதே அளவு கோபால்ட்-60 (அரை ஆயுள் 5.27 ஆண்டு) இன்று 16.81 கிலோபெக்கரல்தான். சோடியம்-22 (2.60 ஆண்டு) ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். வட்டின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே போட்டால் சீசியத்தில் 13 சதவீதமும் கோபால்ட்டில் பாதிக்கு மேலும் பிழை. ஒவ்வொரு மூலத்துக்கும் பிழை வெவ்வேறாக இருப்பதால் வளைவின் வடிவமே கோணலாகிவிடும்.

600 நொடி லைவ் டைம் எண்ணினோம். ROI 300-ஆவது சேனலிலிருந்து 360 வரை, 61 சேனல், மொத்தம் 70,840. அடியில் இருக்கும் தொடர்ச்சியைக் கழிக்க, ROI-க்கு இடப்பக்கம் 5 சேனலைக் கூட்டினால் 1,060, வலப்பக்கம் 5 சேனலில் 300. ஆக 10 சேனலுக்கு 1,360, சேனலுக்கு 136. 61 சேனலுக்கு 8,296. நிகரம் 62,544.

```
eff = 62544 / (32220 * 0.851 * 600) = 0.0038
```

ஆயிரம் காமா கிளம்பினால் நான்குக்கும் குறைவாகவே முகட்டில் சேர்கின்றன. இந்த எண் நியாயமானதா என்று உடனே பார்க்க ஒரு வழி இருக்கிறது. 10 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கும்போது 2.54 செ.மீ. ஆரமுள்ள வட்டம் முழுத் திசைவெளியில் எத்தனை பங்கை மறைக்கிறது?

```
G = 0.5 * (1 - 10/sqrt(10**2 + 2.54**2)) = 0.0154
```

முகப்பை நோக்கி வருவதே 1.54 சதவீதம். திறன் எந்த ஆற்றலிலும் இதைத் தாண்டவே முடியாது. நமக்குக் கிடைத்தது அதில் கால் பங்கு. 661.7 கெவியில் பல காமாக்கள் படிகத்தைக் கடந்து போய்விடும், மோதியவற்றிலும் பெரும்பகுதி காம்ப்டன் பரப்பில் விழும். ஆகவே கால் பங்கு என்பது எதிர்பார்க்கக்கூடியதே. இந்த ஒரு வரிக் கணக்கை எப்போதும் செய்யுங்கள். வாய்ப்பாட்டில் மைக்ரோகியூரியை மாற்றாமல் விட்டது, `P`-ஐச் சதவீதமாகவே போட்டது போன்ற பிழைகள் இதில் மாட்டிக்கொள்ளும்.

எண்ணிக்கையால் வரும் நிச்சயமின்மை, பின்னணிக் கழிப்பையும் சேர்த்து, 0.6 சதவீதம். சான்றிதழுடையதோ 3 சதவீதம். இன்னும் ஒரு மணி நேரம் எண்ணுவதால் இங்கே ஒன்றும் மேம்படாது.

வளைவு

இதே முறையில் மற்றப் புள்ளிகளையும் எடுங்கள். இரண்டு இடங்களில் `P`-ஐக் கவனியுங்கள். பேரியத்தின் கலந்த மேட்டுக்கு இரண்டு கோடுகளையும் கூட்டி 0.710 போட வேண்டும். சோடியத்தின் 511-க்கு 1.807. ஒன்றுக்கு மேல் இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். நூறு சிதைவில் ஏறக்குறைய 90 பாசிட்ரான்கள், ஒவ்வொன்றும் அழியும்போது இரண்டு காமாக்கள். அந்த அழிவு மூலத்திலேயே நடக்க வேண்டும், அதனால் வட்டின் இருபுறமும் பாசிட்ரானை நிறுத்தும் அளவுக்குப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

திறனை ஆற்றலுக்கு எதிராகச் சாதாரணத் தாளில் வரைந்தால் வளைந்த கோடு வரும். இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைந்தால் 350 கெவிக்கு மேல் அது ஏறத்தாழ நேர்கோடாகிவிடும்.

```python
import numpy as np
E = np.array([359.5, 511, 661.7, 1173.2, 1274.5, 1332.5])
eff = np.array([.0080, .0053, .0038, .0020, .00181, .00172])
p = np.polyfit(np.log(E), np.log(eff), 1)
print(np.exp(np.polyval(p, np.log(834.8))))
```

மாங்கனீசு-54-இன் 834.8 கெவிக்கு இது 0.00296 என்ற திறனைத் தருகிறது. மடக்கை எடுக்காமல் சீசியத்துக்கும் கோபால்ட்டின் 1332.5-க்கும் நடுவே நேராக இடைமதிப்பு கண்டால் 0.00326 வரும், அது 10 சதவீதம் கூடுதல். இப்போது கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். சீசியம் 2.3 சதவீதம் கீழே இருக்கிறது. சான்றிதழின் 3 சதவீதத்துக்குள் அடங்குவதால் அதை நகர்த்தவோ விலக்கவோ காரணம் இல்லை. விலகலைக் குறைக்க அதிக அடுக்குள்ள கோவையைப் பொருத்தினால், அந்தச் சான்றிதழ்ப் பிழையையே வளைவாக்கிக்கொள்கிறீர்கள்.

இந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டிப் பாருங்கள். 59.5 கெவியில் 0.065 என்று சொல்லும். ஆனால் மேல் எல்லை 0.0154 என்று முன்பே பார்த்தோம். நடக்கவே முடியாத எண் அது. குறைந்த ஆற்றலில் படிகத்தில் நுழையும் காமாக்கள் ஏறத்தாழ எல்லாம் நின்றுவிடுவதால், திறன் அந்த எல்லையை நெருங்கித் தட்டையாகிறது. இன்னும் கீழே போனால் அலுமினிய உறை உறிஞ்சத் தொடங்கி வளைவு இறங்குகிறது. நமக்குப் புள்ளி இருக்கும் எல்லைக்கு வெளியே வளைவைப் பயன்படுத்த வேண்டாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

சீசியம் மட்டும் மேலே நின்றால்

எண்ணிக்கை வேகமாகச் சேரட்டும் என்று மூலத்தை டிடெக்டரை ஒட்டி வைப்பவர்கள் உண்டு. அப்போது ஒரு விசித்திரம் நடக்கும். சீசியத்தின் புள்ளி கோட்டுக்கு மேலே நிற்கும், கோபால்ட்டும் சோடியமும் கீழே இறங்கிவிடும். சான்றிதழைச் சந்தேகிக்கத் தோன்றும், ஆனால் காரணம் வேறு. கோபால்ட் ஒரே சிதைவில் 1173.2, 1332.5 என்று இரண்டு காமாக்களை ஏறத்தாழ ஒரே நொடித்துளியில் வெளியிடுகிறது. அருகில் இருக்கும்போது இரண்டுமே படிகத்தில் விழும் வாய்ப்பு அதிகம். கருவி அவற்றை ஒரே துடிப்பாக எண்ணி வேறு சேனலில் போட்டுவிடும். அந்த நிகழ்வு இரண்டு முகடுகளிலும் கணக்கில் வராது. சீசியத்துக்கு ஒரே காமா என்பதால் இந்த இழப்பு இல்லை.

இது நடக்கிறதா என்று அறியச் சோடியம்-22-ஐ வைத்து 1785 கெவி அருகே பாருங்கள். 511-உம் 1274.5-உம் கூடிய முகடு அங்கே எழுந்திருந்தால் இதுதான் காரணம். 10 செ.மீ.யில் கோபால்ட்டின் இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, ஒட்டி வைத்தால் இருபது சதவீதத்தையும் தொடலாம். மெலிந்த மூலமென்றால் தொலைவைக் குறைக்காமல் நேரத்தைக் கூட்டுங்கள்.

பயன்படுத்தும்போது

செயல்பாடு தெரியாத ஒரு மாங்கனீசு-54 வட்டை அதே தாங்கியில் வைத்து 3600 நொடி எண்ணினோம், நிகரம் 21,000. `P` 0.9998.

```
A = 21000 / (0.00296 * 0.9998 * 3600) = 1971
```

ஏறக்குறைய 1,970 பெக்கரல். சான்றிதழ், பொருத்தம், எண்ணிக்கை மூன்றின் நிச்சயமின்மையையும் சேர்த்து 4 சதவீதம் என்று எழுதுவது நேர்மையாக இருக்கும், அதாவது 1,970 ± 80.

இந்த விடை செல்லுபடியாவது 10 செ.மீ. தொலைவில் உள்ள சிறிய வட்டு மூலத்துக்கு மட்டும். அதே வளைவை வைத்துக்கொண்டு ஒரு டப்பா மண்ணின் பொட்டாசியத்தைக் கணக்கிட முடியாது. மண்ணின் ஒவ்வொரு பகுதியும் டிடெக்டரிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருக்கிறது, மண்ணே காமாவை உறிஞ்சவும் செய்கிறது. அதற்கு அதே டப்பாவில், ஏறக்குறைய அதே அடர்த்தியில், தெரிந்த செயல்பாடுள்ள பொருளை நிரப்பித் தனி வளைவு எடுக்க வேண்டும். பொட்டாசியத்துக்கு மட்டும் என்றால் எடைபோட்ட பொட்டாசியம் குளோரைடு உப்பே போதும். ஒரு கிராம் இயற்கைப் பொட்டாசியத்துக்கு ஏறக்குறைய 31 பெக்கரல் என்பது தெரிந்த அளவு, 1460.8 கெவிக்கு `P` 0.107.

நோட்டில் வளைவின் பக்கத்திலேயே மின்னழுத்தம், கெயின், அறை வெப்பநிலை, தாங்கியின் பள்ளம், ஒவ்வொரு மூலத்தின் சான்றிதழ் தேதி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்போது சீசியத்தை மட்டும் ஐந்து நிமிடம் எண்ணுங்கள். மையம் 329.6-இலிருந்து ஒரு சேனலுக்கு மேல் நகர்ந்திருந்தால் ஆற்றல் அளவுத்திருத்தத்தைப் புதிதாகச் செய்யுங்கள். மையம் அப்படியே இருந்து நிகர எண்ணிக்கை வீதம் 2 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், முதலில் தாங்கியில் வட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.